மைனிங் பூல் பணத்தை எப்படிப் பிரிக்கிறது, வீட்டு மைனர்கள் ஏன் வெளியேறினார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பிட்காயினைப் பற்றியது. மைனர்கள் ஹாஷ் என்ற கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். எல்லைக்குள் அடங்கும் விடை கிடைத்தால் பரிவர்த்தனைகளின் தொகுப்பான ஒரு பிளாக் உருவாகும், அதற்கு வெகுமதியாகப் பிட்காயின் வரும். பலர் கூட்டாக இதைச் செய்து வெகுமதியைப் பிரித்துக்கொள்வதுதான் பூல். கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே கருவியை எடுத்துக்கொள்கிறேன்: ரேடியான் எச்டி 5870 என்ற கிராஃபிக்ஸ் கார்டு. வினாடிக்குச் சுமார் 40 கோடி ஹாஷ் போடும், 190 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். வீட்டு மைனர்கள் பலர் கையில் வைத்திருந்த கார்டு இது. காலம் 2013. அந்த வருடத் தொடக்கத்தில் இந்தக் கார்டு லாபம் தந்தது, முடிவில் தரவில்லை. நடுவில் நடந்ததைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

தனியாகவே மைனிங் செய்யலாமே, பூல் எதற்கு?

காத்திருக்கும் காலத்துக்காகத்தான். பிளாக் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண் டிஃபிகல்ட்டி. 2013 ஜனவரியில் பிட்காயினுக்கு அது சுமார் 30 லட்சம். ஒரு பிளாக் கிடைக்கச் சராசரியாக எத்தனை ஹாஷ் போட வேண்டும் என்பதற்கு டிஃபிகல்ட்டியை 2³² ஆல், அதாவது ஏறக்குறைய 429 கோடியால் பெருக்க வேண்டும். நம் கார்டுக்கு 429 கோடி ஹாஷ் போட 10.7 வினாடி ஆகும். அதை 30 லட்சம் தடவை செய்ய 373 நாள். ஆக, வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு பிளாக், அதற்கு 25 பிட்காயின்.

சராசரி என்று சொல்வதில்தான் சிக்கல். மைனிங்கில் நேற்று வரை போட்ட ஹாஷ் எதுவும் சேமிப்பாக நிற்காது. ஒவ்வொரு ஹாஷும் புதிதாகத் தொடங்கும் முயற்சி. 372 நாள் ஓட்டியவருக்கும் இன்று தொடங்கியவருக்கும் நாளைய வாய்ப்பு ஒன்றேதான். அதனால் 373 நாள் முடிந்த பிறகும் ஒரு பிளாக்கும் கிடைக்காமல் இருக்க 37 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டு வருடம் ஓட்டியும் வெறுங்கையோடு நிற்க 13 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. அதற்குள் டிஃபிகல்ட்டி ஏறிவிட்டால் இன்னும் மோசம்.

இப்படி 373 கார்டுகள் ஒன்றுசேர்ந்தால் நாளுக்குச் சராசரியாக ஒரு பிளாக் கிடைக்கும். அதைப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 0.067 பிட்காயின். வருடக் கணக்கில் பார்த்தால் தனியாகச் செய்தாலும் அதே தொகைதான் எதிர்பார்க்கலாம். பூல் வருமானத்தைக் கூட்டுவதில்லை, கட்டணம் போக உண்மையில் கொஞ்சம் குறைக்கிறது. அதிர்ஷ்டத்தின் ஏற்றத்தாழ்வை மட்டும் சமன்படுத்துகிறது. வீட்டு மைனர்கள் ஏன் போனார்கள் என்பதற்கும் இதில்தான் பதில் இருக்கிறது, அதனால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எவ்வளவு வேலை செய்தேன் என்று பூலுக்கு எப்படித் தெரியும்? பொய் சொல்ல முடியாதா?

முடியாது. வேலைக்கான சான்றை நீங்களே அனுப்ப வேண்டும். அந்தச் சான்றின் பெயர்தான் ஷேர்.

பிட்காயின் வலையமைப்பு ஏற்கும் ஹாஷ் மிகச் சிறிய எண்ணாக இருக்க வேண்டும். பூல் அதைவிடப் பல மடங்கு தளர்வான எல்லை ஒன்றை வைக்கிறது. பழைய காலத்து வழக்கமான எல்லை, ஹாஷின் முதல் 32 பிட்டுகள் பூஜ்யமாக இருந்தால் போதும் என்பது. இப்படி ஒன்று சராசரியாக 429 கோடி முயற்சிக்கு ஒருமுறை அகப்படும். நம் கார்டுக்கு 10.7 வினாடிக்கு ஒன்று, நாளுக்கு ஏறத்தாழ 8,050. கிடைத்த ஒவ்வொன்றையும் கார்டு பூலுக்கு அனுப்புகிறது. பூல் அதை ஒரே ஒரு தடவை ஹாஷ் போட்டுச் சரிபார்த்து உங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்கிறது.

ஷேருக்கென்று வலையமைப்பில் மதிப்பு எதுவும் கிடையாது. ஆனால் வேலை செய்யாமல் அதை உருவாக்கவும் வழி இல்லை. 30 லட்சம் ஷேரில் சராசரியாக ஒன்று மட்டும் உண்மையான எல்லையையும் தாண்டிவிடும். அதுதான் பிளாக்.

இன்றைய இயந்திரம் 429 கோடி ஹாஷை இமைக்கும் நேரத்தில் பல்லாயிரம் தடவை போட்டுவிடுகிறது. அத்தனையையும் அனுப்பினால் பூலின் சர்வர் மூழ்கிப்போகும். அதனால் ஒவ்வொரு இயந்திரத்தின் வேகத்துக்கும் ஏற்ப எல்லையைப் பூலே இறுக்கி, நிமிடத்துக்குச் சில ஷேர் மட்டும் வரும்படி பார்த்துக்கொள்கிறது. கடினமான ஷேருக்கு அதே விகிதத்தில் மதிப்பும் கூடும். எனவே யாருக்கும் நட்டமில்லை.

பிளாக் என் கார்டில்தானே கிடைத்தது, அந்த 25 பிட்காயினை நானே எடுத்துக்கொண்டால்?

எடுக்க முடியாது. பிளாக்கின் முதல் பரிவர்த்தனையில்தான் வெகுமதி யாருக்குப் போகும் என்று எழுதப்பட்டிருக்கும். பூல் உங்களுக்கு வேலை தரும்போதே அங்கே தன் முகவரியை எழுதித்தான் தருகிறது. அந்தப் பரிவர்த்தனையின் சுவடு, நீங்கள் ஹாஷ் போடும் 80 பைட் தலைப்புக்குள்ளேயே இருக்கிறது. முகவரியில் ஒரு எழுத்தை மாற்றினாலும் ஹாஷ் முழுவதும் மாறிவிடும், கிடைத்த பிளாக் செல்லாது. முதலிலேயே உங்கள் முகவரியைப் போட்டு ஹாஷ் போட்டால் பூல் அந்த ஷேர்களை ஏற்காது.

யார் எத்தனை ஷேர் கொடுத்தார்களோ அந்தக் கணக்கில் நேராகப் பிரித்துவிட்டால் போதாதா? ஏன் இத்தனை முறைகள்?

ஆரம்பத்தில் அப்படித்தான் பிரித்தார்கள். ஒரு பிளாக்குக்கும் அடுத்த பிளாக்குக்கும் இடைப்பட்ட காலம் ஒரு சுற்று. சுற்றில் வந்த மொத்த ஷேரில் உங்கள் பங்கு எவ்வளவோ, வெகுமதியிலும் அவ்வளவு. பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று ஒரு கணக்கில் பார்ப்போம்.

டிஃபிகல்ட்டி 30 லட்சம் என்றால் ஒரு ஷேரின் நியாயமான மதிப்பு 25-ஐ 30 லட்சத்தால் வகுத்தது. ஒரு சுற்று துரதிர்ஷ்டவசமாக 60 லட்சம் ஷேரைத் தாண்டியும் முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது நீங்கள் கொடுக்கும் ஷேருக்கு, பிளாக் அடுத்த நொடியே கிடைத்தாலும், நியாயமான மதிப்பில் பாதிதான் வரும். இன்னும் இழுத்தால் பாதிகூட வராது. ஆனால் பிளாக் கிடைப்பதற்கு அந்த ஷேர் தரும் வாய்ப்பு, சுற்றின் முதல் ஷேர் தந்த அதே வாய்ப்புதான். உழைப்பு ஒன்று, கூலி பாதி.

மறுபக்கம், சுற்று இப்போதுதான் தொடங்கியிருந்தால்? அது 5 லட்சம் ஷேரிலேயே முடியலாம், அப்போது ஒவ்வொரு ஷேருக்கும் ஆறு மடங்கு கிடைக்கும். நீண்ட சுற்றுகளில் இழப்பதைக் குறுகிய சுற்றுகளில் வருவது மிஞ்சிவிடுகிறது. ஆகவே சுற்றின் தொடக்கத்தில் கொடுக்கும் ஷேருக்குச் சராசரி மதிப்பு நியாயத்தைவிட அதிகம், போகப்போகக் குறைவு.

இதைக் கண்டுகொண்டவர்கள் ஒவ்வொரு பூலிலும் சுற்று தொடங்கும்போது நுழைந்து, சூடு குறைந்ததும் அடுத்த பூலுக்குத் தாவினார்கள். தாவ வேண்டிய புள்ளியைக்கூட 2011-லேயே துல்லியமாகக் கணக்கிட்டுவிட்டார்கள். டிஃபிகல்ட்டியில் 43.5 சதவீத ஷேர் வந்ததும் கிளம்பிவிட வேண்டும். நம் கணக்கில் அது 13 லட்சம் ஷேர். இப்படி ஒரே ஒரு பூலில் நுழைந்து, கிளம்பியபின் மிச்ச நேரம் தனியாக மைனிங் செய்தாலே சராசரியாக 28 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிக்கலாம், தாவுவதற்குப் பூல்கள் பல இருந்தால் இன்னும் அதிகம். அந்தக் கூடுதல் வானத்திலிருந்து வரவில்லை. ஒரே பூலில் இருந்து இரவும் பகலும் கார்டை ஓட்டிய நேர்மையான ஆளின் பங்கிலிருந்து போனது. பூல் வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இது, ஏனென்றால் இழந்தவர்களில் பலருக்கு இழக்கிறோம் என்பதே தெரியாது.

முதல் பூலை 2010 இறுதியில் தொடங்கிய செக் நாட்டுக்காரர் மாரெக் பாலாட்டினுஸ், ஸ்லஷ் என்ற பெயரில் அறியப்பட்டவர், இதைத் தடுக்கச் சுற்றின் பிற்பகுதியில் வரும் ஷேருக்கு அதிக எடை தரும் முறையைக் கொண்டுவந்தார். தாவுபவர்கள் முன்கூட்டியே கொடுத்த ஷேரின் மதிப்பு நேரம் போகப்போகக் கரைந்துவிடும். அதன்பிறகு வந்தவைதான் இன்று நீங்கள் பார்க்கும் முறைகள்.

பூலின் பக்கத்தில் PPLNS என்று போட்டிருக்கிறது. அதில் என் பணம் எப்படி வரும்?

பிபிஎல்என்எஸ் சுற்று என்ற எண்ணத்தையே தூக்கி எறிந்துவிடுகிறது. பிளாக் கிடைக்கும்போது கடைசியாக வந்த இத்தனை ஷேர் என்று பின்னோக்கி எண்ணி, அவற்றுக்கு மட்டும் வெகுமதியைப் பிரிக்கிறது. முந்தைய பிளாக் எப்போது கிடைத்தது என்பதைப் பார்ப்பதே இல்லை.

நம் 373 கார்டு பூலையே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 30 லட்சம் ஷேர் வருகிறது. எண்ணும் ஜன்னல் 60 லட்சம், அதாவது கடைசி இரண்டு நாளின் வேலை. அந்த ஜன்னலில் உங்கள் ஷேர் 16,100 இருக்கும். ஒவ்வொரு பிளாக்குக்கும் 25-ல் 0.268 சதவீதம், அதாவது 0.067 பிட்காயின். ஒரு நாளில் இரண்டு பிளாக் கிடைத்தால் 0.134. ஒன்றும் கிடைக்காத நாளில் பூஜ்யம், அப்படியான நாட்கள் இந்தப் பூலுக்கு நூற்றுக்கு 37 இருக்கும்.

கவனியுங்கள், இன்று நீங்கள் கொடுத்த ஒரு ஷேர் அடுத்த இரண்டு நாளும் ஜன்னலுக்குள் இருக்கும். அதற்குள் மூன்று பிளாக் கிடைத்தால் மூன்று முறை கூலி, ஒன்றும் கிடைக்காவிட்டால் கூலியே இல்லை. எதிர்காலத்தில் எத்தனை பிளாக் வரும் என்பதைக் கடந்த காலம் மாற்றாது. ஆகவே எப்போது நுழைந்தாலும் ஷேரின் சராசரி மதிப்பு ஒன்றுதான், தாவுவதால் லாபம் இல்லை.

இதில் புதியவர்கள் பயப்படும் இடம் ஒன்று உண்டு. சேர்ந்த முதல் நாளில் ஜன்னலில் உங்கள் ஷேர் குறைவாக இருக்கும், பணமும் குறைவாகவே வரும். பூல் ஏமாற்றுகிறது என்று நினைத்து விலகிவிடுகிறார்கள். ஆனால் நிறுத்திய பிறகும் ஜன்னல் நகர்ந்து முடியும்வரை பழைய ஷேருக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் குறைந்தது பின்பக்கம் வந்துவிடும்.

PPS-ல் பிளாக் கிடைக்காவிட்டாலும் பணம் வருமாமே. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

பூல் நடத்துபவரின் பையிலிருந்து. பிபிஎஸ் முறையில் ஒவ்வொரு ஷேரையும் பூல் அந்த இடத்திலேயே நிலையான விலைக்கு வாங்கிக்கொள்கிறது. நம் கணக்கில் ஒரு ஷேர் 0.00000833 பிட்காயின், அதிலிருந்து கட்டணம் கழியும். உங்களுக்கு நாள்தோறும் ஒரே வருமானம். அதிர்ஷ்டத்தின் முழுப் பாரமும் பூலின் தலையில்.

அந்தப் பாரத்துக்கு எவ்வளவு இருப்பு வேண்டும் என்பதை மெனி ரோசன்ஃபெல்ட் என்ற கணித ஆய்வாளர் 2011-ல் கணக்கிட்டார்:

```
R = B × ln(1/δ) / (2 × f)
```

இதில் B ஒரு பிளாக்கின் வெகுமதி, f பூலின் கட்டணம், δ பூல் என்றாவது திவாலாகும் வாய்ப்பு, R கையில் இருக்க வேண்டிய இருப்பு. கட்டணம் 2 சதவீதம், திவாலாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்தால், 25 பிட்காயின் வெகுமதிக் காலத்தில் 4,300-க்கும் மேற்பட்ட பிட்காயின் இருப்பு தேவை. இன்றைய 3.125 வெகுமதிக்கு ஏறத்தாழ 540.

இந்தச் சூத்திரத்தில் பூலின் அளவே வரவில்லை. பத்துப் பேர் பூலானாலும் பத்தாயிரம் பேர் பூலானாலும் தேவைப்படும் இருப்பு அதேதான். பெரிய பூலுக்கு அது சில நாள் வருமானம், சிறிய பூலுக்கு எட்டாத தொகை. அதனால்தான் பிபிஎஸ் தருபவை பெரும்பாலும் பணபலம் உள்ள பெரிய பூல்களாக இருக்கின்றன. கட்டணத்தை ஒரு சதவீதமாகக் குறைத்தால் தேவையான இருப்பு இரட்டிப்பாகிவிடும். எனவே மிகக் குறைந்த கட்டணத்தில் பிபிஎஸ் தருகிறேன் என்று ஒரு சின்னப் பூல் சொன்னால் நான் விலகியே நிற்பேன்.

FPPS என்று ஒன்று இருக்கிறதே?

பிபிஎஸ்தான், பரிவர்த்தனைக் கட்டணமும் சேர்ந்தது. சாதாரண பிபிஎஸ் புதிதாக உருவாகும் காசை மட்டுமே கணக்கில் எடுக்கும். எஃப்பிபிஎஸ், சமீபத்திய பிளாக்குகளில் வந்த கட்டணத்தின் சராசரியையும் ஷேரின் விலையில் சேர்க்கும். பெரும்பாலான நாட்களில் வித்தியாசம் சிறியது. ஆனால் 2024 ஏப்ரலில் வெகுமதி பாதியான அந்த 8,40,000-வது பிளாக்கில் கட்டணம் மட்டுமே 37 பிட்காயினைத் தாண்டியது, வெகுமதியோ 3.125. இப்படியான நாளில் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்பது பெரிய விஷயம்.

பூல் என்னை ஏமாற்றினால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு இடத்தில் பாருங்கள். முதலில் உங்கள் கருவி காட்டும் வேகத்தையும், பூல் உங்கள் ஷேரை வைத்துக் கணக்கிட்ட வேகத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் தெரிவது சாதாரணம், ஷேர் கிடைப்பதும் அதிர்ஷ்டம்தான். ஒரு வாரச் சராசரியில் இரண்டும் மிக நெருங்கியிருக்க வேண்டும். நெருங்கவில்லை என்றால் நிராகரிக்கப்பட்ட ஷேர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். புதிய பிளாக் வந்த செய்தி தாமதமாக எட்டினால், பழைய பிளாக்கின்மேல் போட்ட ஷேர் வீணாகும். அது மோசடி இல்லை, இணைப்பின் கோளாறு, அருகிலுள்ள சர்வருக்கு மாறினால் சரியாகும்.

இரண்டாவது, பூல் கண்டுபிடித்ததாகச் சொல்லும் பிளாக்குகள். அவை பிளாக்செயினில் எல்லோருக்கும் தெரியும். பூலின் மொத்த வேகத்துக்கு எத்தனை பிளாக் வந்திருக்க வேண்டும், எத்தனை வந்தது என்று எண்ணலாம்.

ஆனால் நேர்மாறான ஏமாற்றும் நட்டம் செய்திருக்கிறது. மைனர் ஷேரையெல்லாம் ஒழுங்காக அனுப்புவார், பிளாக்காக மாறும் அந்த ஒரு ஷேரை மட்டும் மறைத்துவிடுவார். அவருக்குக் கூலி வரும், பூலுக்குப் பிளாக் வராது. 2014-ல் எலிஜியஸ் பூல் இப்படி 300 பிட்காயின் இழந்தது. பிடிக்கும் வழி எண்ணிக்கைதான். ஒருவர் பத்து பிளாக்குக்கு உரிய ஷேரைக் கொடுத்தும் ஒரு பிளாக்கும் தரவில்லை என்றால், அது தற்செயலாக நடக்க இருபதாயிரத்தில் ஒன்றுதான் வாய்ப்பு. வேகம் குறைந்த மைனர் இப்படிச் செய்தால் அந்த அளவு ஷேர் சேரவே ஆண்டுகள் ஆகும், அதற்குள் பிடிக்க முடியாது.

பூல் இவ்வளவு நன்றாக வேலை செய்தது என்றால் வீட்டு மைனர்கள் ஏன் போனார்கள்?

பூல் தீர்த்தது அதிர்ஷ்டச் சிக்கலை. வந்த அடி வேறு பக்கத்திலிருந்து.

2013 ஜனவரியில் அவலான் என்ற இயந்திரம் முதல்முறையாக ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் இருந்தது பிட்காயினின் ஹாஷ் மட்டுமே போடத் தெரிந்த சிப், பேச்சு வழக்கில் ஏசிக். ஒரு பெட்டி வினாடிக்கு 6,600 கோடி ஹாஷ், அதாவது நம் கார்டு 165 சேர்ந்தது. மின்சாரமோ 600 வாட் அளவில்தான், மூன்று கார்டு இழுப்பதற்குச் சற்றே அதிகம்.

பிட்காயின் 2,016 பிளாக்குக்கு ஒருமுறை டிஃபிகல்ட்டியைத் திருத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்ற வேகத்துக்கே திரும்பும். அதனால் புதிய இயந்திரங்கள் வந்தபோது காசு அதிகமாக உருவாகவில்லை. அதே அளவு காசில் ஒவ்வொருவர் பங்கும் சுருங்கியது. ஜனவரியில் 30 லட்சமாக இருந்த டிஃபிகல்ட்டி டிசம்பரில் 118 கோடியானது. ஏறத்தாழ 394 மடங்கு.

நம் கார்டுக்கு என்ன ஆனது? ஜனவரியில் நாளுக்கு 0.067 பிட்காயின், அப்போது ஒரு பிட்காயின் 13 டாலர் என்றால் 87 சென்ட். கார்டு நாளுக்கு நாலரை யூனிட் மின்சாரம் தின்னும். யூனிட் 19 சென்ட்டுக்குக் குறைவாகக் கிடைத்த எவருக்கும் லாபம். டிசம்பரில் அதே கார்டுக்கு 0.00017 பிட்காயின். விலை அந்த மாதம் பெரிதாக ஏறி இறங்கியது, 800 டாலர் என்று வைத்தால் நாளுக்கு 14 சென்ட்கூட இல்லை. யூனிட் 3 சென்ட்டுக்குக் கிடைத்தால்தான் கையைக் கடிக்காது.

பிட்காயினின் விலை அறுபது மடங்கு ஏறிய வருடம் அது. அந்த ஏற்றம்கூட வீட்டு மைனரைக் காப்பாற்றவில்லை. அவர் பூலில் இருந்தாரா, எந்த முறையில் கூலி வாங்கினார் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வரவே இல்லை. 14 சென்ட்டைத் தினமும் தவறாமல் தருவதுதான் பூலால் முடியும்.

அந்தச் சிப் அப்படி என்ன செய்கிறது? கிராஃபிக்ஸ் கார்டும் சிப்தானே?

கிராஃபிக்ஸ் கார்டு எந்தக் கணக்கையும் செய்ய வல்லது. அந்த வல்லமைக்காகத்தான் மின்சாரத்தின் பெரும்பகுதி செலவாகிறது: அடுத்த கட்டளை என்ன என்று படிக்க வேண்டும், எண்களை நினைவகத்திலிருந்து கொண்டுவந்து கொண்டுபோக வேண்டும்.

பிட்காயினின் ஹாஷில் இதற்கெல்லாம் தேவை இல்லை. எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு 64 படிகள் கொண்டது, அதை இரண்டு முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு படியும் 32 பிட் எண்களைக் கூட்டுவது, சுழற்றுவது, சில எளிய தர்க்கச் செயல்கள் அவ்வளவுதான். பெரிய நினைவகம் வேண்டாம், எந்த இடத்திலும் இப்படிப் போவதா அப்படிப் போவதா என்ற முடிவும் வேண்டாம்.

ஏசிக் சிப்பில் இந்த 128 படிகளையும் வரிசையாகச் சிலிக்கானிலேயே செதுக்கிவிடலாம். ஒரு படியின் விடை அடுத்த படிக்குள் நேராகப் போகிறது. வரிசை நிரம்பியதும் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முழு ஹாஷ் வெளியே வரும். பிட்டுகளைச் சுழற்றுவது கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு கட்டளை, இங்கே கம்பியை வேறு இடத்தில் இணைப்பதுதான், செலவே இல்லை. பிறகு இப்படிப்பட்ட வரிசைகளை ஒரே சிப்பில் முடிந்த மட்டும் அடுக்கலாம்.

நூறு கோடி ஹாஷுக்கு எவ்வளவு ஆற்றல் என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். நம் கார்டுக்குச் சுமார் 470 ஜூல். 110 நானோமீட்டர் என்ற பழைய தொழில்நுட்பத்தில் செய்த முதல் அவலானுக்கே 9 ஜூல். 2016-ல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9-க்கு 0.1 ஜூல், பிந்தைய எஸ்21-க்கு 0.0175. கார்டுக்கும் எஸ்21-க்கும் இடையே இருபத்தேழாயிரம் மடங்கு. நல்ல மென்பொருள் எழுதி ஈடுகட்டக்கூடிய இடைவெளி இல்லை இது.

அப்போ வீட்டிலிருந்தவர்களும் ஏசிக் வாங்கியிருக்கலாமே?

வாங்கினார்கள். பலருக்கு அங்கேதான் பணம் போனது. முதல் தொகுதி அவலான் 1,299 டாலர். ஜனவரி 2013 டிஃபிகல்ட்டியில் அது நாளுக்கு 11 பிட்காயின் ஈட்டும், போட்ட பணம் பத்து நாளுக்குள் திரும்பிவிடும். அதே பெட்டி டிசம்பரில் நாளுக்கு 0.028 பிட்காயின். டிஃபிகல்ட்டி அந்த வருடம் சராசரியாக நாற்பது நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பானது. ஆகவே பெட்டி நாற்பது நாள் தாமதமாக வந்தால், அது வாழ்நாளில் ஈட்டப்போகும் பிட்காயினில் பாதி, பெட்டியைப் பிரிக்கும் முன்பே போய்விட்டது.

தாமதம் நாற்பது நாளில் நிற்கவில்லை. பட்டர்ஃபிளை லேப்ஸ் என்ற ஏசிக் நிறுவனம் 2012 நடுவில் முன்பணம் வாங்கத் தொடங்கியது. பலருக்கு இயந்திரம் வர ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. 2014 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. கிராஃபிக்ஸ் கார்டு என்றால் மைனிங் போனாலும் விளையாடுபவருக்கு விற்கலாம். ஏசிக்குக்கு வேறு பயனே கிடையாது, டிஃபிகல்ட்டி முந்திவிட்டால் அது வெறும் இரும்பு.

பின்னாளில் அந்த வேகம் தணிந்தது. அதன்பிறகு மின்சார விலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2024 இறுதியில் டிஃபிகல்ட்டி 100 லட்சம் கோடியைத் தாண்டியது. ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் சதோஷி. அந்த அளவில் வினாடிக்கு 200 டெராஹாஷ், அதாவது 200 லட்சம் கோடி ஹாஷ் போடும் எஸ்21 ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 150 சதோஷி ஈட்டும். பழைய எஸ்9-க்கு 27 சதோஷி. நம் கார்டு ஒரே ஒரு சதோஷி சம்பாதிக்க 180 யூனிட் எரிக்க வேண்டும், நாற்பது நாள் ஓட வேண்டும். உங்கள் மின்சாரக் கட்டணத்தில் ஒரு யூனிட் எத்தனை சதோஷி என்று மாற்றிப் பாருங்கள், விடை உடனே கிடைக்கும். அணைக்கட்டுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு மொத்த விலைக்கு மின்சாரம் வாங்குபவரோடு, வீட்டுக் கட்டணம் கட்டுபவர் போட்டியிட வேண்டியிருக்கிறது. மூன்றரை கிலோவாட் வெப்பமும் விசிறியின் இரைச்சலும் வேறு.

ஏசிக்குக்கு இடம் கொடுக்காத காசுகள் இருக்கிறதல்லவா?

முயன்றார்கள். லைட்காயின் நினைவகம் அதிகம் கேட்கும் ஸ்கிரிப்ட் என்ற கணக்கை எடுத்தது, 2014-ல் அதற்கும் ஏசிக் வந்துவிட்டது. எத்தீரியம் 2022 செப்டம்பரில் மைனிங்கையே கைவிட்டது. மொனேரோ 2019-ல் கொண்டுவந்த ரேண்டம்எக்ஸ் சாதாரணக் கணினிச் சிப்புக்கே பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டது, வீட்டுக் கணினிக்கு இடம் விட்டிருப்பது அது.

சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வீட்டில் ஓட்ட ஆசை. பூலில் சேரட்டுமா, தனியாக முயலட்டுமா?

வினாடிக்கு ஒரு டெராஹாஷ் போடும் சிறு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அதே 100 லட்சம் கோடி டிஃபிகல்ட்டியில் ஒரு பிளாக்குக்குச் சராசரியாக 13,600 வருடம். ஒரு வருடத்தில் கிடைக்கும் வாய்ப்பு 13,600-ல் ஒன்று.

பூலில் சேர்ந்தால் நாளுக்கு 63 சதோஷி வரும். சேரும் முன் பூல் பணம் அனுப்பும் குறைந்தபட்சத் தொகையைப் பார்த்துவிடுங்கள். அது 0.005 பிட்காயின் என்று இருந்தால், அந்த அளவு சேரவே இருபத்தொரு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவும் டிஃபிகல்ட்டி ஏறாமல் இருந்தால். பிட்காயினின் மேல் இயங்கும் லைட்னிங் என்ற பணப்பரிமாற்ற வலையமைப்பு வழியாகச் சிறு தொகையும் அனுப்பும் பூல் என்றால் சேரலாம். இல்லையென்றால் தனியாக முயல்வதில் நீங்கள் இழப்பது எதுவும் இல்லை.